மாமாவின் உயிலில் இருந்த ‘மூத்த மகன்’: மொழிபெயர்க்க மறுத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

கோடு போட்ட தாளில் மூன்று பக்கம், நீல மையில் மாமா தன் கைப்பட எழுதிய உயில். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து, அதற்குக் கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அத்தை போன் செய்தார். “மூணு பக்கம்தாம்மா. உனக்கு ஒரு மணி நேர வேலை. இங்கிலீஷ்ல போட்டுக் கொடுத்துடு.”

நான் பதினான்கு வருடங்களாக மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கிறேன். பெரும்பாலும் மருந்துக் குறிப்பேடுகள், இயந்திரக் கையேடுகள். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த முதல் பிழை அதுதான். மறுத்தது அதற்குப் பிறகு, நான்காவது நாளில். அந்த நான்கு நாட்களில் நடந்ததையும் அப்புறம் நடந்ததையும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உறவுமுறைகளை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் விஷயமே அவற்றில்தான் இருக்கிறது.

பின்னணி

மாமா பல வருடங்கள் வெளிநாட்டில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு வங்கியில் அவர் பெயரில் பணம் இருந்தது. அவர் இறந்த பிறகு அதைக் கேட்டு அத்தை எழுதியதற்கு வங்கியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: உயிலின் நகல், அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் சான்றுரை ஆகியவற்றை முப்பது நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அத்தை என்னை அழைத்தபோது பதினோரு நாட்கள் போயிருந்தன.

அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரு மகள். அவளைத் தவிர அந்த வீட்டில் வளர்ந்தவர் ஒருவர் உண்டு. மாமாவின் அண்ணன் இளவயதிலேயே இறந்துபோக, அவருடைய மகனை நாலு வயதிலிருந்து இவர்கள்தான் வளர்த்தார்கள். சட்டப்படி தத்து எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. எனக்கு அவர் அத்தான். மாமா அவரை எப்போதும் “என் மூத்த மகன்” என்றுதான் அறிமுகப்படுத்துவார். தமிழில் அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு ஆணுக்கு அண்ணன் தம்பியின் பிள்ளைகள் மகனும் மகளும்தான், அக்காள் தங்கையின் பிள்ளைகள்தான் மருமக்கள். நம் உறவுமுறைச் சொற்கள் அப்படித்தான் கோடு போடுகின்றன. ஆங்கிலம் அந்தக் கோட்டை வேறு இடத்தில் போடுகிறது. அதற்குச் சன் வேறு, நெஃப்யூ வேறு.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதால்தான் இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள் என்று அத்தை நினைத்தார். முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் வரைவு

அன்றிரவே உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் ஆங்கிலத்தில் எழுதி முடித்து, சரிபார்த்துக் கையெழுத்திட்டுப் பிறகு தருகிறேன் என்று சொல்லி வரைவை அத்தையின் போனுக்கு அனுப்பினேன். அத்தை சொன்னது போல ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆனது. வங்கியின் கடிதத்தை அப்போது நான் முழுதாகப் படிக்கவில்லை. நான்காவது நாள் அதைப் படித்துவிட்டு, என் வரைவை மூலத்தோடு வரி வரியாக வைத்துப் பார்த்தேன். நல்ல ஆங்கிலமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு இடங்களில் நான் மொழிபெயர்க்கவே இல்லை, எனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தேன்.

முதலாவது, மூத்த மகன். உயிலின் இரண்டாவது பத்தியில் “என் மூத்த மகன்” என்று சொல்லி அத்தானின் பெயரைக் குறிப்பிட்டு, அவருக்கு ஒரு தொகை கொடுக்கிறார் மாமா. நான் அதை ‘என் அண்ணனின் மகன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் எழுதியிருந்தேன். நெஃப்யூ. உண்மையும் அதுதானே? ஆனால் ஐந்தாவது பத்தி இப்படிப் போகிறது: “இவை போக மீதி இருப்பது எல்லாம் என் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேர வேண்டும்.” பிள்ளைகள் என்று பன்மையில் எழுதியிருக்கிறார், அவர் பெற்றதோ ஒரே மகள். இந்த இரண்டு பத்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் மனதில் இருந்த கணக்கு தெரியும். ஒருவர் தன் உயிலில் ஒரு சொல்லை எந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார் என்பதை அந்த ஆவணத்தின் மற்ற இடங்களை வைத்துத் தீர்மானிப்பது நீதிமன்றங்களுக்குப் பழக்கமான வழி. இரண்டாவது பத்தியில் அத்தானை மகன் என்று எழுதியிருப்பதுதான் ஐந்தாவது பத்தியின் ‘பிள்ளைகளில்’ அவரும் உண்டு என்பதற்கு அந்தத் தாளில் இருந்த ஒரே ஆதாரம். நான் மகனை நெஃப்யூ ஆக்கியதும் அந்த ஆதாரம் ஆங்கிலப் பிரதியில் இல்லாமல் போய்விட்டது. ஆங்கிலம் மட்டும் படிக்கும் வங்கி அதிகாரி என்ன நினைப்பார்? பெயர் சொன்ன தொகை நெஃப்யூவுக்கு, மீதி முழுவதும் மகளுக்கு. ஒரு சொல்லில் ஒருவருடைய பாதிப் பங்கு போயிருக்கும்.

சரி, அப்படியானால் சன் என்றே போட்டுவிட்டால்? அதிலும் ஆபத்து உண்டு, அது வேறு பக்கத்திலிருந்து வரும். அத்தானின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு. நாளைக்கு அது யாருடைய கையிலாவது கிடைத்து, “குடும்பத்து ஆளே மொழிபெயர்த்து, மகன் அல்லாதவரை மகன் ஆக்கிவிட்டார்” என்று எழுந்தால், சான்றுரையில் கையெழுத்துப் போட்டவள் நான். உண்மை தெரிந்துகொண்டே எழுதினாள் என்பதும் நிரூபணம் ஆகும். குடும்பத்துக்கு வெளியே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சன் என்று எழுதினால் அது தாளில் இருந்ததை எழுதியது. நான் எழுதினால் அது ஒரு தரப்பை எடுத்தது போல ஆகிவிடும்.

இரண்டாவது இடம் இதைவிடச் சின்னது, ஆனால் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. மாமாவின் தம்பியைப் பற்றிய வரி: “தம்பியும் அவர் மனைவியும் அவர் காலம் உள்ளவரை பின்கட்டில் குடியிருக்கலாம்.” யாருடைய காலம்? தம்பியின் காலமா, மனைவியின் காலமா? ‘அவர்’ மரியாதை ஒருமை, ஆணா பெண்ணா என்று காட்டாது. பேச்சுவழக்கின் தளர்ச்சியில் இருவரையும் சேர்த்துச் சொன்னதாகக்கூட இருக்கலாம். தம்பி முதலில் இறந்தால் அவர் மனைவி அங்கே இருக்கலாமா, காலி செய்ய வேண்டுமா என்பது அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. நான் யோசிக்கவே இல்லை. ‘இருவரின் வாழ்நாள் வரை’ என்று எழுதிவிட்டேன். மாமா தன் தம்பியின் மனைவியை ஒருபோதும் வெளியே அனுப்ப மாட்டார் என்பது எனக்குத் தெரியும் என்பதால்.

மூன்றாவது, ஓரத்து எழுத்து. இரண்டாம் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு செருகல் குறி போட்டு “நகைகள் நீங்கலாக” என்று இரண்டு சொற்கள் இருந்தன. மை கொஞ்சம் வேறு நிறம், பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. நான் அந்த இரண்டு சொற்களையும் வாக்கியத்துக்குள் சேர்த்து அழகாக முடித்திருந்தேன். உயிலில் கையெழுத்தான பிறகு செய்த திருத்தம், எழுதியவரும் சாட்சிகளும் அதற்கென்று ஒப்பமிடாவிட்டால் செல்லாது என்பது பல நாடுகளின் சட்டம். ஆக அந்த இரண்டு சொற்கள் செல்லுமா என்பதே ஒரு கேள்வி. என் வரைவைப் படிப்பவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிந்திருக்காது.

நான்காவது, மாமாவின் பெயர். ஒரு இடத்தில் ஒரு முதலெழுத்து, கையெழுத்துக்குக் கீழே இரண்டு முதலெழுத்து. இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே மாதிரி ஆக்கியிருந்தேன். கையேடு மொழிபெயர்க்கும்போது இதுதான் நல்ல பழக்கம். மூலத்தில் ஒரே திருகாணிக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்றாக்குவது என் வேலை. சட்ட ஆவணத்தில் அதே பழக்கம் சேதத்தை மறைக்கும்.

உறவினரின் ஆவணத்தை எடுக்காதே என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ‘உனக்குச் சட்டச் சொற்கள் தெரியாது’ என்பது. அது உண்மைதான், எனக்கும் எல்லாம் தெரியாது. ஆனால் தெரியாத சொல்லுக்கு முன்னால் நான் நின்றேன், அகராதி பார்த்தேன், ஒருவரைக் கேட்டேன். ஆபத்து நான் நிற்காத இடங்களில் இருந்தது. இந்த நான்கிலும் நான் தடுமாறவே இல்லை. மாமாவை எனக்குத் தெரியும், அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியும், கை தானாக எழுதிவிட்டது. வெளியாள் ஒருவருக்கு அந்த நான்கு இடமும் கல்லாகத் தட்டுப்பட்டிருக்கும்.

கடிதத்தில் இருந்தது

வங்கியின் கடிதத்தை முதலிலேயே படித்திருந்தால் இந்த நான்கு நாள் மிச்சம். மொழிபெயர்ப்பாளர் இரு மொழியிலும் தேர்ச்சி உள்ளவராக இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்று எழுதிக் கையெழுத்திட்டு, பெயர், முகவரி, தேதி தர வேண்டும் என்று அதில் இருந்தது. அதற்கு அடுத்த வரி: அவர் உயிலில் பயன்பெறுபவராகவோ அவர்களுடைய குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ இருக்கக் கூடாது.

எல்லா இடத்திலும் இந்த நிபந்தனை எழுத்தில் இருக்காது. நாட்டுக்கு நாடு ஏற்பாடு வேறு. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் நீதிமன்றம் சத்தியப் பிரமாணம் செய்வித்துப் பட்டியலில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு, அவர்கள் முத்திரைதான் கேட்பார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை, மொழிபெயர்ப்பாளரோ நிறுவனமோ தரும் சான்றுரை போதும். அமெரிக்கக் குடிவரவு விதி கேட்பதும், முழுமையும் துல்லியமும் தன் தகுதியும் குறித்து மொழிபெயர்ப்பாளர் தரும் உறுதியைத்தான். உறவினர் செய்யக் கூடாது என்று எங்கும் எழுதாத இடத்திலும், எதிர்த்தரப்பு ஒன்று முளைத்தால் முதலில் கேட்கும் கேள்வி ‘மொழிபெயர்த்தவர் உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பதாக இருக்கும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஆவணத்தைப் பெறப்போகும் இடம் யாரை ஏற்கும் என்று எழுத்தில் கேட்பது.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கையும் அத்தைக்கு இருந்தது: “நீ எழுதிக் கொடு, நோட்டரிகிட்ட முத்திரை வாங்கிக்கலாம். அதுக்கப்புறம் யாரு கேக்கப்போறா?” நோட்டரி பொதுவாகச் சான்றளிப்பது இந்தக் கையெழுத்தை இந்த ஆள் என் முன்னால் போட்டார் என்பதை. மொழிபெயர்ப்பு சரியா என்று அவர் பார்ப்பதில்லை, பல சமயம் அவருக்கு அந்த மொழியே தெரியாது. 1961 ஹேக் உடன்படிக்கையின்படி ஒட்டப்படும் அபோஸ்டில் சான்றும் அப்படித்தான். கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை, கையெழுத்திட்டவர் அந்தப் பொறுப்பில் இருப்பவர் என்று மட்டும் அது சொல்லும். உள்ளே இருப்பது சரி என்று சொல்லாது. எத்தனை முத்திரை விழுந்தாலும் ‘மகன்’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான்.

மறுத்த பேச்சு

முதல் முறை மோசமாக மறுத்தேன். “இந்த வாரம் வேலை அதிகம் அத்தை” என்றேன். “பரவாயில்லம்மா, அடுத்த வாரம் பண்ணு, இன்னும் நாள் இருக்கே” என்றார். பொய்க் காரணம் சொன்னால் இப்படித்தான், கேட்பவர் அன்போடு அந்தக் காரணத்தைத் தீர்த்துவைப்பார். இதனால் இன்னும் ஒரு நாள் போனது.

மறுநாள் உண்மையைச் சொன்னேன். விதிகளைப் பற்றிப் பேசவில்லை, அந்த இரண்டாவது பத்தியைப் படித்துக் காட்டினேன்.

“இதுல மாமா ‘மூத்த மகன்’னு எழுதியிருக்கார். இங்கிலீஷ்ல நான் என்ன போடணும் அத்தை?”

“மகன்னுதான் போடணும். வேற என்ன போடுவே?”

“நான் போட்டது நெஃப்யூ.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஏன் அப்படிப் போட்டே?”

“அவர் யாருன்னு எனக்குத் தெரியுமே, அதனால. நான் எதைப் போட்டாலும் உங்க ரெண்டு பிள்ளைகள்ல ஒருத்தருக்கு நான் செஞ்ச மாதிரி ஆகும். அதைப் பார்க்க வேண்டியது வக்கீல். எழுத வேண்டியது நம்ம யாரையும் தெரியாத ஒருத்தர்.”

அத்தை புரிந்துகொண்டார் என்று சொல்லமாட்டேன். புரிந்தது, ஆனால் மனம் ஒப்பவில்லை. “முகம் தெரியாத ஆள்கிட்ட மாமா எழுதினதைப் படிக்கக் கொடுக்கச் சொல்றியா?” என்றார். அது நியாயமான தயக்கம்தான். உயிலில் குடும்பத்தின் கணக்கு மட்டுமா இருக்கிறது, யாரை எவ்வளவு நேசித்தார் என்பதும் இருக்கிறது. இரகசியம் காப்பதாக எழுத்தில் உறுதி தரும் ஒருவரைத்தான் பார்ப்போம் என்றேன். அதை வாங்கியும் கொடுத்தேன்.

அன்று மாலையே எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். வாய்ப்பேச்சாக விட்டால் இன்னும் இரண்டு நாளில் ‘சரி என்று சொன்னாளே’ என்று மாறிவிடும் என்ற பயம். எழுதியது இவ்வளவுதான்: “அத்தை, உயிலை நான் மொழிபெயர்க்கவோ திருத்தவோ மாட்டேன். நான் அனுப்பிய வரைவை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அழித்துவிடுங்கள். வங்கியின் கடிதத்தை உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளரையும் வக்கீலையும் தேடித் தருகிறேன். மொழிபெயர்ப்புச் செலவில் பாதி என்னுடையது.” வரைவைப் பற்றிய அந்த ஒரு வரி முக்கியம். நான் மறுத்த பிறகும் என் வரைவு போனில் கிடந்தால், அவசரத்தில் யாரோ ஒருவர் அதைத்தான் அச்செடுத்து அனுப்புவார்.

மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் பட்டியல் வழியாக ஒருவரைப் பிடித்தோம். நான் கேட்டது மூன்றே கேள்வி. உயில் மொழிபெயர்த்திருக்கிறாரா, இரண்டாவது ஆள் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாரா, ஐயம் வரும் இடத்தில் என்ன செய்வார். கடைசிக் கேள்விக்கு அவர், “குடும்பத்தைக் கேட்க மாட்டேன். குறிப்புப் போடுவேன்” என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரிடம் கொடுத்தோம்.

“சும்மா ஒரு தடவை பார்”

ஆறு நாளில் மொழிபெயர்ப்பு வந்தது. அத்தை உடனே எனக்கு அனுப்பினார். “எழுதத்தான் மாட்டேன்னே. சும்மா ஒரு தடவை படிச்சு, தப்பிருந்தா திருத்திக் கொடு.”

மொழிபெயர்க்க மறுப்பதைவிட இதை மறுப்பது கடினம். சும்மா படிப்பதில் என்ன ஆகிவிடும்? தொழிலில் இதற்குள் மூன்று தனித்தனி வேலை உண்டு. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிடுவது ஒன்று. மொழிபெயர்ப்பை மட்டும் படித்து ஓட்டம் சரியா என்று பார்ப்பது இன்னொன்று. அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை பார்ப்பது கடைசி. மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ISO 17100 தரநிலை முதல் வேலையை மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது ஆள் கட்டாயம் செய்ய வேண்டும் என்கிறது. வீட்டில் ‘பார்த்துக் கொடு’ என்று கேட்கும்போது மனதில் இருப்பது மூன்றாவது வேலை, ஆனால் அதைச் செய்தவர் முதலாவதையும் செய்துவிட்டதாக எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ‘அவள் பார்த்துவிட்டாள்’ என்ற ஒரு வார்த்தையோடு மற்றவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சான்றுரையோடு கையெழுத்தான மொழிபெயர்ப்பில் நான் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், கையெழுத்திட்டவர் சான்றளித்த தாள் அது அல்ல. கோப்பைத் திறந்து ஒரு சொல்லைச் சரிசெய்து, பழைய கையெழுத்துப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். மாட்டினால் அதற்குப் பெயர் ஆவணத் திருத்தம்.

ஆகவே நான் செய்தது, குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய சரிபார்ப்பு மட்டும். அத்தையையும் அவர் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகின்றனவா, தொகைகளும் கணக்கு எண்ணும் மூலத்தில் உள்ளவைதானா, தேதியில் எது நாள் எது மாதம் என்று சந்தேகம் வராதபடி மாதம் எழுத்தில் இருக்கிறதா, மூலத்தில் மூன்று பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். அத்தை தமிழைப் படிக்க, மகள் ஆங்கிலத்தில் விரல் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் கணக்கு எண்ணின் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. நாங்கள் திருத்தவில்லை. பக்கம், வரி சொல்லி மொழிபெயர்ப்பாளருக்குக் கேள்வியாக அனுப்பினோம். அவர் மன்னிப்புக் கேட்டு, திருத்தி, புதிய தேதியோடு மறுபடி கையெழுத்திட்டு அனுப்பினார். அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது அத்தை, நான் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்போது மொழிபெயர்ப்பாளரின் பிரதியில் என் நான்கு இடங்களைத் தேடிப் பார்த்தேன். ‘மகன்’ என்பது சன் என்றே இருந்தது. அடிக்குறிப்பில், தமிழில் இந்தச் சொல் ஒருவர் பெற்ற மகனையும், ஒரு ஆணின் சகோதரனுடைய மகனையும் குறிக்க வழங்குவது உண்டு, மூலத்திலிருந்து எது என்று தீர்மானிக்க இயலவில்லை என்று எழுதியிருந்தார். ‘அவர் காலம்’ என்ற இடத்தில் ஒருமையிலேயே மொழிபெயர்த்து, மூலச் சொல் பாலைக் காட்டாது, முன்னால் சொன்ன இருவரில் யாரையும் குறிக்கலாம் என்று ஒரு குறிப்பு. ஓரத்துச் சொற்கள் அடைப்புக்குள், ‘இடது ஓரத்தில் கையால் சேர்க்கப்பட்டது, வேறு மை, சுருக்கொப்பம் இல்லை’ என்ற விளக்கத்தோடு. பெயர் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி, மூலத்தில் உள்ளபடியே. சாட்சிகளில் ஒருவரின் கையெழுத்துக்கு ‘படிக்க இயலவில்லை’ என்று போட்டிருந்தார். அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். என் வரைவில் அவர் பெயரைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தேன். ஐந்தாவது இடம் அது, நான் கவனிக்கவே இல்லை.

பிறகு

இந்த வழி சுலபமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. வக்கீல் அடிக்குறிப்பைப் பார்த்ததும், வங்கிக்கு அனுப்பும் முன் அத்தானின் நிலையை விளக்கும் பிரமாண வாக்குமூலம் ஒன்றும், அவர் அந்த வீட்டில் வளர்ந்ததைக் காட்டும் பழைய பள்ளிப் பதிவுகளும் சேர்க்க வேண்டும் என்றார். முப்பது நாள் போதவில்லை. கூடுதல் அவகாசம் கேட்டு எழுதினோம், கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்று யாருக்கும் தோன்றாததால்தான் பல வீடுகளில் கெடுவுக்குப் பயந்து வீட்டு ஆளை எழுத வைக்கிறார்கள். ‘நகைகள் நீங்கலாக’ என்பது வங்கிப் பணத்தோடு சம்பந்தப்படாததால் வக்கீல் அதைத் தனியாக எடுத்து வைத்தார். இன்னும் தீரவில்லை.

என்னிடம் யாராவது, எல்லாவற்றையும் மறுக்க வேண்டுமா என்று கேட்டால், இல்லை என்பேன். அதே அத்தைக்கு அந்த வங்கியின் மற்றக் கடிதங்களைப் படித்து விளக்கியதும் நான்தான், பதில் கடிதங்களை எழுதிக் கொடுத்ததும் நான்தான். என் பிழை ஒன்றைத் திரும்ப எழுதிச் சரிசெய்ய முடியுமென்றால் செய்கிறேன். கையெழுத்தான தாள் ஒரு அலுவலகத்துக்குள் போய், அதை வைத்து யாரோ ஒருவர் பங்கு பிரிக்கவோ வெளியேற்றவோ முடியுமென்றால் செய்வதில்லை. வேறு ஆளே கிடைக்காத மொழி, நாளைக் காலைக்குள் வேண்டும் என்ற நிலை எல்லாம் வரத்தான் செய்யும். அப்போதுகூட, இன்னாருக்கு நான் இன்ன உறவு என்பதைச் சான்றுரையிலேயே எழுதிவிட்டு, வெளியாள் சான்றளித்த மொழிபெயர்ப்பு பின்னால் வரும், அதுவரை இதை ஏற்பீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம். உறவை மறைத்து எழுதுவதுதான் ஆகாது.

எல்லாம் வங்கிக்குப் போன பிறகு ஒரு நாள் அத்தான் போன் செய்தார். பள்ளிப் பதிவுகளுக்காக அலைந்த களைப்பு குரலில் இருந்தது. “நீயே எழுதியிருந்தா இவ்வளவு அலைச்சல் வந்திருக்காதுல்ல?” என்றார்.

வந்திருக்காது என்றேன்.

“நீ முதல்ல எழுதினேன்னு அம்மா சொன்னாங்க. அதுல என்னை என்னன்னு போட்டிருந்தே?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். வரைவைத்தான் அழித்துவிட்டோமே. “நெஃப்யூ” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், வாக்குமூலத்தின் இன்னொரு நகல் வக்கீலுக்கு வேண்டுமாம், எத்தனை பக்கம் என்று கேட்டார்.